மூன்று மணிக்கு ஒரு சவுக்கடி

பதனிடும் கூடத்துக்கு இரண்டு சுவர் தள்ளி மேஜை போட்டு உட்கார்ந்தவர்களுக்கு அந்த ஓசை தெரியும். ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் மர டிரம்கள் நிமிடத்துக்குச் சுமார் பத்துச் சுற்று உருளுகின்றன. உள்ளே நனைந்த தோல் சுற்றோடு மேலே ஏறி, உச்சியில் பிடி விட்டுத் தொப்பென்று விழுகிறது. மறுபடி ஏறுகிறது, மறுபடி விழுகிறது. காலையில் இது காதிலேயே ஏறாது. மதியம் மூன்று மணிக்கு வேறு எதுவுமே கேட்காது. தூங்குகிறவனின் மூச்சுகூட நிமிடத்துக்குப் பன்னிரண்டு பதினைந்து தடவை வந்துபோகும். டிரம்மின் நடை அதையும்விட மந்தம். ஏற்றுமதிப் பிரிவில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து அளவுப் பட்டியல் சரிபார்க்கிறவனுக்குத் தாலாட்டு வேண்டுமென்றால் இதற்கு மேல் ஒன்றை யாரும் இசையமைத்துவிட முடியாது.

ஆம்பூரில் இந்தத் தூக்கத்துக்கு எல்லோரும் பிரியாணியைத்தான் குற்றம் சொல்வார்கள். சீரக சம்பா, கத்தரிக்காய், வெங்காயப் பச்சடி. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்காக இடைவேளையும் கொஞ்சம் நீளும். பழி போடச் சௌகரியமான உணவு அது. ஆனால் இரவு நன்றாகத் தூங்கி எழுந்தவனுக்கும், மதியம் சாப்பிடாமல் இருந்தவனுக்கும் பகல் இரண்டு மூன்று மணி வாக்கில் விழிப்பு ஒரு படி தாழத்தான் செய்கிறது. உடம்பின் உள் கடிகாரம் அப்படி ஓடுகிறது. கனத்த சாப்பாடு அதை இன்னும் அழுத்துகிறது, அவ்வளவுதான். நோன்பு மாதத்தில் பார்க்கலாம்: ஒரு பருக்கை தொடாத கணக்குப் பிரிவு பாயும் அதே நேரத்தில்தான் கொட்டாவி விடுவார். (சஹர் சாப்பிட விடியுமுன் எழுந்தவர் அவர். ஆகவே இதை முழுச் சாட்சியாக எடுத்துக்கொள்ளவும் முடியாது.)

அந்த மாதத்தில்தான் காபி இல்லாத மதியம் என்றால் என்னவென்று இங்கே நோன்பு வைக்காதவர்களும் கற்றுக்கொள்கிறோம். யாரும் தடுப்பதில்லை. பக்கத்து மேஜையில் ஒருவர் தண்ணீர்கூடத் தொடாமல் இன்வாய்ஸ் அடித்துக்கொண்டிருக்கும்போது, டபரா டம்ளரை ஆற்றி ஆற்றிக் குடிக்க நமக்கே கை வராது. மீதி இருப்பது காதில் மாட்டும் ஒயர் ஒன்றுதான். எந்தப் பாட்டு என்பது அப்போதுதான் நிஜக் கேள்வியாகிறது.

முதலில் கை போவது குத்துப்பாட்டுக்கு. சத்தமும் வேகமும் இருந்தால் தூக்கம் ஓடும் என்பது நம் நம்பிக்கை. முதல் நிமிடம் ஓடத்தான் செய்கிறது. இரண்டாவது நிமிடத்தில் அந்த அடி எங்கே விழும், எப்படி விழும் என்று காதுக்கு மனப்பாடமாகிவிடுகிறது. மாறாத எதையும் மூளை கொஞ்ச நேரத்தில் கணக்கிலிருந்து தள்ளிவிடும். மின்விசிறிச் சத்தம் நமக்குக் கேட்காமல் போவது அப்படித்தான். மூன்றாவது நிமிடத்தில் குத்துப்பாட்டு இன்னொரு டிரம், சற்று வேகமான டிரம். குத்துப்பாட்டு கேட்டுக்கொண்டே மேஜையில் தலை சாய்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தூக்கத்தை விரட்டுகிற பாட்டு வேறு சாதி. அடுத்து என்ன வரப்போகிறது என்று காதைக் காத்திருக்க வைத்து, காத்திருந்த இடத்தில் சற்றே வேறு எதையோ கொடுக்கிற பாட்டு அது. அப்படி மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று, ‘பட்டத்து ராணி’. ஸ்ரீதரின் ‘சிவந்த மண்’, 1969. இசை எம்.எஸ்.விஸ்வநாதன், பாட்டு கண்ணதாசன், குரல் எல்.ஆர்.ஈஸ்வரி. காஞ்சனா ஆட, சிவாஜி சவுக்கு வீசுகிற காட்சி; இன்று பார்க்கக் கொஞ்சம் கூசும். பார்க்க வேண்டாம், கேளுங்கள். தோல் ஊர்க்காரனுக்கு இந்தப் பாட்டில் ஒரு சொந்தம் உண்டு. இதில் தாள வாத்தியங்களோடு சரியாசனம் போட்டு உட்கார்ந்திருப்பது ஒரு தோல் சாமான்.

சவுக்கின் ஓசைக்கு ஒரு தனிக்குணம். சவுக்கு விளாறும்போது அதன் நுனி ஒலியின் வேகத்தையே தாண்டிவிடும். நாம் கேட்கிற ‘சடீர்’ அந்தத் தாண்டலில் பிறக்கிற குட்டி வெடிப்பு. மத்தளத்தில் தட்டினால் தட்டிய பிறகு ஒரு முனகல் மிச்சம் இருக்கும். மணிக்கு நீண்ட வால் உண்டு. சவுக்குக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வந்த கணமே முடிந்துவிடுகிறது. திடீரென்று எழுந்து திடீரென்று அறுகிற ஓசைக்குத்தான் உடம்பு தன்னிச்சையாகத் திரும்பும். நாம் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் வெறும் சவுக்கு என்றால் அது அலாரம். எம்.எஸ்.வி. செய்திருப்பது வேறு. அடியைக் குரலுக்குப் பக்கத்தில் வைத்து, குரலை அதற்குப் பதில் சொல்ல வைத்திருக்கிறார். ஈஸ்வரியின் குரல் ஒரு வரியில் வழுக்கிக்கொண்டு இறங்கும், அடுத்த வரியில் நிமிர்ந்து சீறும். அடி விழும் இடத்தில் கூசுவதும், கூசியதை மறைத்து உடனே செருக்கைப் போட்டுக்கொள்வதும் ஒரே மூச்சில் நடக்கிறது. இரண்டு மூன்று அடி கேட்ட பிறகு நம் காது அடுத்ததற்குத் தயாராகிவிடும். தோள் லேசாக இறுகும். அந்த இறுக்கம்தான் நமக்கு வேண்டிய மருந்து. சவுக்குக்காகக் காத்திருக்கிறவன் தூங்க முடியாது.

இந்தப் பாட்டுக்கு ஒரு குறையும் உண்டு. தினமும் கேட்டால் ஒரே வாரத்தில் செத்துவிடும். எந்த அடி எந்த எழுத்துக்குப் பிறகு என்று காது பாடம் பண்ணிய அன்றோடு சவுக்கு வெறும் ஓசையாகிவிடுகிறது. பத்து நாள் விட்டுத் திரும்புங்கள். மறுபடி சுளீரென்று இருக்கும்.

இரண்டாவது பாட்டுக்குப் போகுமுன் லண்டன் வழியாக ஒரு சுற்று. மதியச் சோர்வுக்குப் பாட்டு என்பதை ஒரு அரசாங்க வேலையாகவே செய்து பார்த்தவர்கள் பிபிசிக்காரர்கள். உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1940 ஜூனில் ‘மியூசிக் வைல் யூ ஒர்க்’ என்று ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். காலையில் அரை மணி, மதியம் அரை மணி. ஆயுதத் தொழிற்சாலைகளின் ஒலிபெருக்கிகளில் நேரடியாகப் போகும். 1967 வரை ஓடியது. நாள் முழுக்கப் போடாமல் அரை மணியோடு நிறுத்தினார்களே, அதிலேயே விஷயம் தெரிந்தவர்களின் கை தெரிகிறது. நிறுத்தினால்தான் அடுத்த தடவை வரும்போது வந்தது தெரியும். மந்தமான மெட்டு கூடாது. சத்தம் ஏறி இறங்கக் கூடாது, ஏனென்றால் இறங்கிய இடத்தை எந்திரம் விழுங்கிவிடும். இப்படி நிறைய விதிகள்.

அதில் எனக்குப் பிடித்தது ஒரு தடை. ‘டீப் இன் தி ஹார்ட் ஆஃப் டெக்சாஸ்’ என்று 1942 வாக்கில் ஊரெல்லாம் முணுமுணுத்த ஒரு பாட்டு. அதில் வரிக்கு நடுவே கைதட்டு வரும். அதைத் தொழிற்சாலை நேரத்தில் போடக் கூடாது என்றார்கள். பாட்டு மோசம் என்பதால் அல்ல. கைதட்டு வரும் இடத்தில் வேலையாட்கள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுத் தட்டுவார்கள். இல்லையென்றால் ஸ்பானரால் எந்திரத்தின் மேலேயே தட்டுவார்கள். ஒரு பாட்டுக்கு இதைவிடப் பெரிய பாராட்டுப் பத்திரம் எந்த விமர்சகனும் எழுதியதில்லை.

அதே பிபிசியின் உலக சேவை 2002-இல் நேயர்களிடம் உலகின் தலைசிறந்த பத்துப் பாட்டுகளைக் கேட்டபோது நான்காம் இடத்துக்கு வந்தது எது தெரியுமா? பெயரிலேயே கைதட்டச் சொல்கிற ஒன்று. ‘ராக்கம்மா கையத் தட்டு’. மணிரத்னத்தின் ‘தளபதி’, 1991. இளையராஜா, வாலி, எஸ்.பி.பாலசுப்ரமணியம், ஸ்வர்ணலதா. அறுபது வருஷத்தில் கைதட்டுக்கு விமோசனம் கிடைத்துவிட்டது.

அந்த வயலின் தொடக்கத்தைச் சொல்லாமல் யாரும் இந்தப் பாட்டைப் பேசுவதில்லை, நானும் விடப்போவதில்லை. இரவுக் கூத்துக்கு, அடிதடிக் கூட்டத்துக்கு, தப்பு மேளம் போட்டுத் தொடங்கியிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அங்கே வயலின்களைக் கூட்டமாக இறக்கி, ஒரு சின்னத் துணுக்கைத் துரத்த விட்டிருக்கிறார் ராஜா. குப்பத்து ஆட்டத்துக்கு வில் வாத்தியம் என்ற அந்தப் பொருந்தாமையே முதல் தட்டு. தாளம் ஏறி, எஸ்.பி.பி. சிரிப்பைக் குரலுக்குள்ளேயே வைத்துக்கொண்டு உள்ளே நுழையும்போது நாம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்போம்.

ஆனால் மூன்று மணிக்காரனுக்கு இந்தப் பாட்டின் உயிர் நடுவில் இருக்கிறது. ஆட்டம் உச்சத்தில் போய்க்கொண்டிருக்கும்போது கொட்டு பின்வாங்குகிறது. எங்கிருந்தோ ஒரு பெண் குரல் தேவாரம் பாடுகிறது. தில்லைக் கூத்தனைப் பற்றி அப்பர் பாடிய பதிகம், மிதாலி பானர்ஜியின் குரலில். திரையில் அது ஷோபனா. சாதாரணமாக ஓசை அடங்கினால் கண்ணும் அடங்கும். இங்கே அடங்குவதில்லை. அத்தனை ஆரவாரத்துக்குப் பிறகு வருகிற அமைதி நம்மை உற்றுக் கேட்க வைக்கிறது. ஆட்டக்காரர்களும் அப்பரும் ஒரே பாட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று மனசு வேலை செய்யத் தொடங்குகிறது. இருவருக்கும் கூத்துதான் பொருள் என்பது பிடிபடுகிற கணத்தில் கொட்டு திரும்பி வந்துவிடும். ஏழு நிமிடப் பாட்டில் அந்தத் திரும்பி வரும் கணம் ஒன்றுக்காக மீதி அத்தனையையும் கேட்கலாம். கேட்கும்போது எழுந்து நின்று கேளுங்கள். தட்டத்தான் கை போகும். வராந்தாவில் தட்டினால் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள்.

பாட்டு முடிந்து நாற்காலிக்கு வந்ததும் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். தெளிந்துவிட்டோம் என்று அடுத்த பாட்டையும் ஓட விட்டு வேலையைத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் மேஜையிலிருந்தே ஒரு கணக்கு. பெண்கள் செருப்பு ஆர்டர், ஒரு அட்டைப்பெட்டிக்குப் பன்னிரண்டு ஜோடி. 36-ஆம் அளவில் ஒன்று, 37-இல் இரண்டு, 38-இல் மூன்று, 39-இல் மூன்று, 40-இல் இரண்டு, 41-இல் ஒன்று. தொண்ணூறு பெட்டி என்றால் 1,080 ஜோடி. இப்போது அரைத் தூக்கத்திலோ, பாட்டின் வரியில் பாதி மனசை வைத்துக்கொண்டோ அடிக்கிறவன் 37-க்கு மூன்று, 38-க்கு இரண்டு என்று மாற்றி அடித்துவிடுகிறான். கூட்டிப் பாருங்கள்: பன்னிரண்டுதான். மொத்தம் 1,080-தான். கணினி ஒரு சிவப்புக் கோடு போடாது. பேக்கிங் லிஸ்ட் சுத்தமாக வெளியே போகும். ஐரோப்பாவில் ஒரு கடைக்காரர் பெட்டியைப் பிரித்து எண்ணும்போதுதான், 37-இல் தொண்ணூறு ஜோடி குறைகிறது, 38-இல் தொண்ணூறு ஜோடி கூடுகிறது என்று தெரியவரும். பெட்டிக்குள் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருப்பார்கள். காகிதம் பொய் சொல்லியிருக்கும். மதியத் தூக்கத்தின் தவறுகள் பெரும்பாலும் இந்த வகைதான். கூட்டல் சரியாக வரும், வரிசை தவறியிருக்கும்.

வரிசையை நினைவில் வைத்துக்கொள்கிற வேலைக்கு முதல் எதிரி, காதில் விழும் பேச்சு. இது ஆராய்ச்சியில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். எண்களை மனசுக்குள் சொல்லிப் பார்க்கும் அதே இடத்தில் பாட்டின் சொற்களும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. கண்ணதாசனும் வாலியும் நல்ல கவிஞர்கள் என்பதே இங்கே தொல்லை; அவர்கள் சொல்லைக் காது விடாது. ஆகவே வார்த்தைப் பாட்டு எழுப்புவதற்கு மட்டும். வேலை நடக்கும்போது ஒன்றும் வேண்டாம். டிரம் மறுபடி கண்ணை இழுக்கத் தொடங்கினால் மட்டும், வார்த்தை இல்லாத ஒன்று.

அதற்குத்தான் மூன்றாவது. கதனகுதூகலம் ராகத்தில் ‘ரகுவம்ச சுதா’. பட்டணம் சுப்பிரமணிய ஐயர் செய்தது. அவர் காலம் 1845 முதல் 1902. பாட்டாகக் கேட்க வேண்டாம், வாத்தியத்தில் கேளுங்கள். கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோன் கிடைத்தால் நல்லது, மாண்டலினும் பொருந்தும்.

இதன் மர்மம் ராகத்தின் ஏறுவரிசையில் இருக்கிறது. சங்கராபரணத்தின் ஸ்வரங்களேதான், புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஏறும் முறை கோணல்: ச ரி ம த நி க ப ச. வாயால் சொல்லிப் பாருங்கள். ரி-க்குப் பிறகு க வரும் என்று காது கால் தூக்கும். ராகம் அந்தப் படியைத் தாண்டி ம-வில் நிற்கும். அடுத்து ப என்று நினைத்தால் த. சரி, தாண்டித் தாண்டிப் போகிற ஏணி போலிருக்கிறது என்று காது சமாதானமாகும்போது, த-வை ஒட்டிய நி-யிலேயே கால் வைக்கும். நி வந்துவிட்டால் மேல் ச-வுக்குப் போயே ஆக வேண்டும், அது நம் ரத்தத்தில் இருக்கிற எதிர்பார்ப்பு. போகாது. ச-வைத் தொடாமல், முதலில் விட்டுவிட்ட க-வுக்குத் தாவும். பிறகு விட்டுவிட்ட ப. அதன் பிறகுதான் ச. விட்டதையெல்லாம் மறக்காமல் எடுத்துக்கொண்டுதான் மேலே போய்ச் சேருகிறது. இறங்கும்போது பார்த்தால் ச நி த ப ம க ரி ச என்று ஒன்றும் நடக்காததுபோல ஒவ்வொரு படியாக, நல்ல பிள்ளையாக இறங்கிவரும்.

ஏறும்போது கலைத்து இறங்கும்போது அடுக்குகிற இந்தக் குணத்தால், காது அதற்குப் பழகவும் முடியாது, அதில் தொலையவும் முடியாது. நடையும் விறுவிறு, கமகத்தை அசைத்து அசைத்து நீட்டினால் இந்தத் தாவல்கள் மங்கிவிடும் என்பதால் ஸ்வரங்கள் பெரும்பாலும் நேராக, நறுக்கென்று விழும். சாக்ஸபோனில் அந்த நறுக்கு இன்னும் துலங்குகிறது. சிட்டைஸ்வரம் வரும் இடத்தைக் கவனியுங்கள். தாவல்கள் அடுத்தடுத்து நெருங்கி வந்து, இப்போது தடுக்கிவிடும் என்று தோன்றுகிற ஓட்டத்தில் தடுக்காமல் பல்லவிக்கு வந்து சேரும். அந்த இடத்தில் மட்டும் கீபோர்டில் கை நின்றுவிடுவதை நான் தடுப்பதில்லை. தோடியோ சஹானாவோ இந்த நேரத்துக்கு ஆகாது. அவற்றின் பெருமைக்குக் குறைவில்லை. மூன்று மணிக்குச் சஹானா போட்டவன் நான்கு மணிக்குத்தான் கண் விழிப்பான்.

ஒரு எல்லையைச் சொல்லிவிட வேண்டும். இரவில் ஐந்து மணி நேரம் தூங்கியவனை எந்த ராகமும் எழுப்பாது. ஒரே வரியை மூன்று தடவை படித்தும் எண் மனசில் நிற்கவில்லை என்றால் பாட்டை மாற்றிக்கொண்டிருப்பது வீண். பத்துப் பதினைந்து நிமிடம் நாற்காலியிலேயே கண்ணை மூடுவது மேல். பதனிடும் கூடத்துக்குள்ளோ கட்டிங் எந்திரத்துக்குப் பக்கத்திலோ போகும்போது ஒயர் காதில் இருக்கவே கூடாது. அங்கே ஒரு கூச்சல் காதில் விழாமல் போனால் விரல் போகும்.

சினிமாப் பாட்டை நோன்பு மாதத்தில் ஒதுக்கிவைக்கிறவர்களும் எங்கள் அறையில் உண்டு. கணக்குப் பிரிவு பாய் அப்படிப்பட்டவர். ஒரு நாள் “பாய், தூக்கம் வந்தா நீங்க என்னதான் கேப்பீங்க?” என்று கேட்டேன். “அனிபா அண்ணன் இருக்காரே தம்பி, வேற யார் வேணும்?” என்றார். நாகூர் ஈ.எம்.அனிபாவை இதற்குப் பயன்படுத்தலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. போட்டுக் கேட்டேன். அவர் சொன்னது சரி. அனிபா கீழே தொடங்கி மெல்ல ஏறுகிற பாடகர் அல்ல. முதல் எழுத்திலேயே குரல் முழு உயரத்தில் நிற்கும், திறந்தவெளிக் கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்பவனைக் கூப்பிடுகிற குரல். மேடைகளில் பாடிப் பாடிப் பழகிய தொண்டை அது. மெட்டு நிதானமாகப் போகும் பாட்டில்கூட உச்சரிப்பு அசராது. வல்லின எழுத்து ஒவ்வொன்றும் தட்டிவிட்டுத்தான் போகும். வேகம் துளியும் இல்லாமல் ஒருவனை எழுப்ப முடியும் என்பதற்கு என்னிடம் இதைவிட நல்ல உதாரணம் இல்லை. பாயிடம் அதைச் சொன்னபோது, “எழுப்புறதுக்கு இல்ல தம்பி, எனக்கு நேரம் போகணும்” என்று மணியைப் பார்த்தார். நோன்பு திறக்க இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது.